நூறு வருஷப் பஞ்சலோகச் சொம்பா? படத்தில் தெரிவது பித்தளை

கேள்வி: பழைய பூஜைச் சாமான் விற்கும் ஒருவர் இந்த மூன்று படங்களை அனுப்பியிருக்கிறார். "நூறு வருஷத்துப் பஞ்சலோக வெண்கலச் சொம்பு, ஒரு கிலோ நானூறு கிராம், அடியில் முத்திரையும் இருக்கு" என்கிறார். 6,500 ரூபாய் கேட்கிறார். இது உண்மையிலேயே வெண்கலமா? முத்திரை யாருடையது? இந்த விலை நியாயமா?

பதில்:

படங்களில் தெரிகிற வரையில் இது பித்தளைத் தகட்டில் செய்த சொம்பு. வெண்கலம் இல்லை, பஞ்சலோகமும் இல்லை. வயது அறுபதை ஒட்டி இருக்கலாம். நூறு என்று நம்புவதற்கு இதில் எதுவும் இல்லை. முத்திரை கடைக்காரரோ பட்டறைக்காரரோ போட்டது, அதனால் விலை ஏறாது. நானாக இருந்தால் இரண்டாயிரத்துக்கு மேல் தர மாட்டேன். எப்படிச் சொல்கிறேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். இதே ஆளோ வேறொருவரோ அடுத்த பாத்திரத்தைக் காட்டும்போது நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

படத்தை வைத்து உலோகம் சொல்ல எல்லோரும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். நான் நிறத்தைக் கடைசியில்தான் பார்ப்பேன். டியூப்லைட் வெளிச்சத்தில் பித்தளை வெளுத்துத் தெரியும், குண்டு பல்பு வெளிச்சத்தில் வெண்கலம்போலச் சிவந்து தெரியும், அதன்மேல் கைபேசி கேமரா தன் பங்குக்கு ஏதாவது செய்யும். பாத்திரம் எப்படிச் செய்யப்பட்டது என்பதை மட்டும் எந்த வெளிச்சத்தாலும் மாற்ற முடியாது. அதனால் முதலில் வாய், விளிம்பு, கழுத்து, அடி என்று செய்நேர்த்தியைப் பாருங்கள்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. பாத்திரத்துக்கும் மணிக்கும் வார்க்கிற நல்ல வெண்கலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் இருக்கும். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்தால் உலோகம் கடினமாகும், கணீரென்று ஒலிக்கும், ஆனால் ஆறிய நிலையில் வளையாது. அடித்தால் விரிசல் விடும், கல்தரையில் விழுந்தால் உடையவும் செய்யும். அதனால் வெண்கலப் பாத்திரத்தை வார்ப்பார்கள், அல்லது பழுக்கக் காய்ச்சிச் சூடு இறங்குமுன் அடித்து உருவாக்குவார்கள். பொங்கல் பானை, உருளி, அகலமான தட்டு, மணி எல்லாம் இந்த வகை. கேரளத்து மான்னார் உருளியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தடித்த விளிம்பு நினைவிருக்கும்.

பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. அது சூடாக்காமலே வளையும். தகடாக இழுக்கலாம், மடிக்கலாம், சுருட்டலாம், இரண்டு துண்டுகளைப் பற்றவைக்கலாம். சிறுத்த கழுத்தும் உப்பிய வயிறுமாக, மெல்லிய சுவரோடு ஒரு சொம்பு இருந்தால் அது பெரும்பாலும் தகட்டு வேலை. தகட்டு வேலை என்றால் பித்தளை அல்லது செம்பு.

இப்போது உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கி வாய் விளிம்பைப் பாருங்கள். விளிம்பு தடிமனாகத்தான் தெரிகிறது, விற்பவரும் அதைக் காட்டித்தான் "கனத்தைப் பாருங்க" என்று சொல்லியிருப்பார். ஆனால் விளிம்புக்கு வெளிப்புறம், கீழே, முடி அளவுக்கு ஒரு இடுக்கு ஓடுகிறது. தகட்டின் ஓரத்தை வெளியே மடித்துச் சுருட்டியிருக்கிறார்கள், அந்தச் சுருட்டல்தான் தடிமனாகத் தெரிகிறது. வார்த்த பாத்திரத்தில் விளிம்பும் சுவரும் ஒரே உலோகமாக ஓடும், இப்படி இடுக்கு விழாது. பல பட்டறைகளில் இந்தச் சுருட்டலுக்குள் ஒரு இரும்புக் கம்பியை வைத்து மடிப்பார்கள். காந்தம் வைத்துப் பார்க்கும்போது விளிம்பில் மட்டும் ஒட்டினால் அதற்குக் காரணம் இந்தக் கம்பிதான், போலி என்று பயப்பட வேண்டாம்.

முதல் படத்தில் வயிற்றின் நடுவில் சுற்றிலும் ஒரு வெளிறிய கோடு தெரிகிறது. நேர்கோடாக இல்லாமல் பல் பல்லாக, ஒன்றுக்குள் ஒன்று கோத்தது மாதிரி போகிறது. மேல்பாதியையும் கீழ்பாதியையும் தனித்தனியே அடித்து, ஓரங்களில் பல் வெட்டிக் கோத்து, பற்றவைத்த இணைப்பு அது. பற்றவைக்கும் பொடியின் கலவை உடம்பின் கலவையிலிருந்து சற்று மாறுபடும், அதனால் எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கோடு வேறு நிறமாகவே நிற்கும். இது கைவேலைக் காலத்துச் சொம்பு என்பதற்கும் நல்ல அடையாளம். விற்பவர் இதை ஒரு குறை மாதிரி மறைக்கத் தேவையே இல்லை, எனக்கு இந்தச் சொம்பில் பிடித்ததே இந்த இணைப்புதான். ஆனால் வெண்கலம் என்ற பேச்சு இதோடு முடிகிறது.

ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள், இந்தத் தடயம் ஒரு திசையில்தான் வேலை செய்யும். தகட்டு வேலை என்றால் வெண்கலம் இல்லை என்று சொல்லிவிடலாம். வார்ப்பு வேலை என்றால் வெண்கலம் என்று சொல்ல முடியாது. பித்தளையையும் வார்ப்பார்கள். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பித்தளை வார்ப்புதான், மொராதாபாத்திலிருந்து வருகிற விளக்குகளும் அப்படித்தான். தடிமனான வார்ப்புப் பாத்திரம் வந்தால் கீழே சொல்லும் சோதனைகளுக்குப் போக வேண்டும்.

சரி, இப்போது நிறத்துக்கு வருவோம். உங்கள் முதல் படத்தில் கழுத்தடியில் இளஞ்சிவப்பாகச் சில திட்டுகள் தெரிகின்றன. "செம்பு தெரியுது பாருங்க, அதான் பஞ்சலோகம்" என்று விற்பவர் இதைத்தான் சுட்டுவார், நான் பலமுறை கேட்ட வசனம். உண்மையில் இது பித்தளைக்கே உரிய அடையாளம். புளியோ எலுமிச்சையோ போட்டு ஊறவைத்தால் புளிப்பு பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தை முதலில் அரிக்கும். கரைந்த செம்பிலும் கொஞ்சம் திரும்ப மேலே படியும். நன்றாகத் தேய்த்துக் கழுவாமல் புளியை அப்படியே விட்ட இடங்களில் இளஞ்சிவப்புத் திட்டு நிற்கும். மறுபடி தேய்த்தால் மஞ்சள் வந்துவிடும். வெண்கலத்தில் துத்தநாகம் இல்லை, அதனால் அதில் இப்படித் திட்டுத் திட்டாகச் சிவக்காது.

சொம்பின் உட்புறம் படத்தில் இருட்டாக இருக்கிறது. அடியில் சாம்பல் வெள்ளையாக ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று கேளுங்கள். சமையலுக்கோ மோர், தயிர் வைக்கவோ புழங்கிய பித்தளைக்கு ஈயம் பூசுவது வழக்கம், பூசாவிட்டால் களிம்பு ஏறிப் பண்டம் கெட்டுவிடும். வெண்கலப் பானைக்கு யாரும் ஈயம் பூச மாட்டார்கள். ஆகவே பூச்சின் மிச்சம் இருந்தால் இன்னொரு சாட்சி கிடைத்தது. இல்லாவிட்டால் எதையும் முடிவு கட்ட முடியாது, வெறும் தீர்த்தச் சொம்பாகப் பூஜையறையிலேயே இருந்திருந்தால் பூசியே இருக்க மாட்டார்கள்.

பஞ்சலோகம் பற்றி ஒரு வார்த்தை. அது விக்கிரகம் வார்க்கிற கலவை. சுவாமிமலையில் வார்க்கும்போதும் பெரும்பகுதி செம்புதான், அதோடு பித்தளையும் கொஞ்சம் காரீயமும் சேரும், தங்கமும் வெள்ளியும் சம்பிரதாயத்துக்காக மிகச் சிறிய அளவில் போடுவார்கள். காரீயம் சேர்ந்த உலோகத்தில் தீர்த்தம் வைத்துக் குடிப்பது நல்லதும் அல்ல. தகட்டில் அடித்த தண்ணீர்ச் சொம்பைப் பஞ்சலோகம் என்பது விற்பனைப் பேச்சு மட்டுமே. "பூஜைக்கு உகந்தது" என்பதை ஐந்து உலோகம் என்று சொன்னால்தான் மக்கள் நம்புவார்கள் என்று எவரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவும் படத்திலிருந்து. நேரில் கிடைத்தால் என்ன செய்யலாம்? தட்டிப் பார்ப்பதைத்தான் எல்லோரும் செய்வார்கள். வெண்கலம் நீளமாக ரீங்காரமிடும் என்பது உண்மைதான். ஆனால் சொம்பு குறுகிய வாய் கொண்டது, கையில் பிடித்தபடி தட்டினால் எந்த உலோகமும் டொக்கென்றுதான் கேட்கும். பற்றவைத்த இணைப்பும் ஒலியை விழுங்கிவிடும். மறுபக்கம், நன்றாக வார்த்த பித்தளை மணியும் கணீரென்றுதான் ஒலிக்கும். ஒலியை வைத்து உருளியையும் தட்டையும் ஓரளவு சொல்லலாம், சொம்பைச் சொல்ல முடியாது.

தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்ப்பது வீட்டிலேயே செய்யக்கூடியது. சமையலறை மின்தராசின்மேல் ஒரு சின்ன வாளித் தண்ணீரை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, காற்று உள்ளே தங்காமல் சாய்த்து நிரப்பி, முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் உலோகத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். 1,400 கிராம் சொம்புக்குத் தராசு 165 காட்டினால் 1,400ஐ 165ஆல் வகுங்கள், ஏறக்குறைய 8.5 வரும். பித்தளை 8.4 முதல் 8.7 வரை இருக்கும். வெண்கலமும் 8.6, 8.8 என்று அதை ஒட்டியே நிற்கும். ஆகவே இந்தச் சோதனை இரண்டையும் பிரித்துக் காட்டாது. உள்ளே அலுமினியமோ வேறு மட்டமான வார்ப்போ இருந்து மேலே முலாம் பூசியிருந்தால் எண் 7க்கும் கீழே இறங்கிவிடும், அந்த ஏமாற்றைப் பிடிக்க இது போதும். சுருட்டிய விளிம்புக்குள் காற்று அடைந்திருந்தாலும் எண் கொஞ்சம் குறையும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பித்தளையா வெண்கலமா என்று சந்தேகமில்லாமல் தெரிய ஒரே எளிய வழி, தங்கத்தின் தரம் பார்க்கிற கடைகளில் இருக்கும் எக்ஸ்ரே கருவி, காரட் மீட்டர் என்பார்கள். பாத்திரத்துக்கு ஒரு கீறலும் விழாது. "இது தங்கமில்லை, செம்பு, துத்தநாகம், வெள்ளீயம் மூன்றும் எவ்வளவு என்று காட்டுங்கள்" என்று தெளிவாகக் கேளுங்கள். துத்தநாகம் முப்பது நாற்பது சதவீதம் வந்தால் பித்தளை. வெள்ளீயம் இருபதை ஒட்டி வந்து துத்தநாகம் இல்லாமல் இருந்தால் வெண்கலம். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வந்தால் பழைய சாமான்களை உருக்கி வார்த்த கலவை. ஆனால் அந்தக் கருவி மேல்தோலை மட்டுமே படிக்கும். நான் சொன்ன இளஞ்சிவப்புத் திட்டின்மேல் வைத்தால் செம்பு கூடுதலாகக் காட்டும். விளிம்பில் ஒரு இடத்தையும் அடியில் ஒரு இடத்தையும் நன்றாகத் தேய்த்துவிட்டு இரண்டு இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். 1.4 கிலோ பித்தளைச் சொம்புக்கு இவ்வளவு தேவையில்லை. பத்துக் கிலோ உருளியை வெண்கலம் என்று சொல்லி விற்க வந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

இனி முத்திரை. மூன்றாவது படத்தில் அடியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் இரண்டு எழுத்தும் ஒரு தாமரையும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஹால்மார்க் இருப்பதுபோல் பித்தளைக்கோ வெண்கலத்துக்கோ அரசு தர முத்திரை எதுவும் கிடையாது. பட்டறைகளும் பாத்திரக் கடைகளும் தங்கள் பெயரின் முதலெழுத்தையோ தாமரை, நட்சத்திரம், சிங்கம் மாதிரி ஒரு சின்னத்தையோ தாங்களே அடித்துக்கொண்டார்கள். எந்தச் சின்னம் யாருடையது என்று பார்க்க ஒரு பதிவேடும் இல்லை, தாமரையை எத்தனையோ பேர் போட்டிருப்பார்கள். இரண்டு எழுத்தை வைத்து ஊரையும் பட்டறையையும் துல்லியமாகச் சொல்கிறவர் கதைதான் சொல்கிறார்.

முத்திரை எப்போது அடிக்கப்பட்டது என்பதை மட்டும் பார்க்கலாம். அச்சால் அடித்த முத்திரையில் எழுத்தின் ஓரம் லேசாக மேடிட்டிருக்கும், பின்னாளில் தேய்த்துத் தேய்த்து அந்த மேடு மழுங்கியிருக்கும். சுற்றிலும் கறுத்துப்போய், எழுத்தின் குழி மட்டும் பளிச்சென்று இருந்தால் முத்திரை புதிது. உங்கள் படத்தில் குழிக்குள் பழைய அழுக்கு இறுகியிருக்கிறது, ஓரமும் மழுங்கியிருக்கிறது. எனவே முத்திரை சொம்போடு பிறந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதைவிட எனக்குச் சுவையானது, விற்பவர் சொல்லாமல் விட்ட இரண்டு விஷயங்கள். முத்திரைக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக "1.400" என்று குத்தியிருக்கிறது, அது எடை. இந்தியாவில் கிலோ கணக்கு 1958இலிருந்துதான் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சேர், பலம், பவுண்டு. இந்தச் சொம்பு கடையில் விற்கும்போது எடை குத்தப்பட்டது என்றால், அந்த விற்பனை 1958க்குப் பிறகுதான் நடந்திருக்கிறது. பழைய சொம்பை யாரோ பின்னால் எடைபோட்டுக் குத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். அப்படியும் நடக்கும். ஆனால் எடையின் புள்ளிகளிலும் முத்திரையின் குழியிலும் ஒரே மாதிரி தேய்மானம் தெரிவதால் இரண்டும் ஒரே காலத்தவை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, கழுத்தில் உளியால் புள்ளி குத்தி எழுதிய பெயர். "அ. திருமலை" என்று படிக்க முடிகிறது. இது செய்தவர் பெயர் அல்ல, வைத்திருந்தவர் பெயர். கல்யாணச் சீரில் வந்த பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க நம் வீடுகளில் செய்கிற வேலை. விற்பவர்கள் இதைச் "சிற்பியின் கையெழுத்து" என்று சொல்லி விற்பதுண்டு, நம்பாதீர்கள். பெயரில் உள்ள "லை"யைக் கவனியுங்கள். இப்போது நாம் எழுதுகிறபடி முன்னால் தனியாக ஒரு கொம்பு இல்லை. லகரத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறியிருக்கிறது. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போடும் வரை அச்சிலும் பள்ளியிலும் அந்த எழுத்துதான். பெயர் குத்துகிற தொழிலாளியின் கை உடனே மாறியிருக்காது என்பதால் ஐந்து பத்து வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, எடை ஒரு பக்கம் 1958 என்கிறது, எழுத்து மறுபக்கம் எண்பதுகளின் நடுப்பகுதிக்குள் என்கிறது. அறுபதை ஒட்டிய வயது என்று முதலில் சொன்னது இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுதான்.

பழைய பாத்திரம் வாங்கும்போது பெயர் இருந்தால் முழுவதையும் வாசித்துப் பார்ப்பது வேறொரு காரணத்துக்காகவும் நல்லது. "உபயம்" என்றோ ஒரு கோயில் பெயரோ சுவாமி பெயரோ இருந்தால் அது கோயிலுக்குக் கொடுத்த பாத்திரம். எப்படி வெளியே வந்தது என்று விற்பவர் காகிதத்தோடு காட்டினாலொழிய கை வைக்காதீர்கள். உங்கள் சொம்பில் அப்படி எதுவும் தெரியவில்லை. "நூறு வருஷம்" என்ற பேச்சிலும் ஒரு வினை இருக்கிறது. நூறு ஆண்டைத் தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. "நூறு வருஷம்னா உரிமம் இருக்கா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். சொம்பின் வயது அங்கேயே குறைய ஆரம்பிக்கும்.

விலைக்கு வருவோம். இங்கே உலோகத்தின் விலைதான் தரை, மற்றதெல்லாம் அதன்மேல். பித்தளையை வெண்கலம் என்று சொல்வதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்பதும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும். சந்தையில் துத்தநாகத்தின் விலை செம்பின் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் இருக்கும். வெள்ளீயம் செம்பைவிட மூன்று, மூன்றரை மடங்கு. விலைகள் ஏறி இறங்கும், ஆனால் இந்த வரிசை மாறுவதில்லை. கணக்குக்காகச் செம்பு கிலோ 1,000 ரூபாய், துத்தநாகம் 300, வெள்ளீயம் 3,500 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 65 செம்பும் 35 துத்தநாகமும் உள்ள பித்தளையில் ஒரு கிலோவுக்கான உலோகம் 755 ரூபாய். நூற்றுக்கு 78 செம்பும் 22 வெள்ளீயமும் உள்ள வெண்கலத்தில் 1,550 ரூபாய். கலவையின் பெயரை மாற்றிச் சொன்னாலே விலை இரட்டிப்பாகிறது, அவ்வளவுதான் விஷயம்.

இதை உங்கள் ஊருக்குப் பொருத்த, பக்கத்துப் பாத்திரக் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். புதுப் பித்தளைச் சொம்பு கிலோ என்ன விலை? பழைய பித்தளையைப் போட்டால் கிலோவுக்கு என்ன தருவீர்கள்? முதலாவது 1,100, இரண்டாவது 600 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். 1.4 கிலோவுக்குப் புதுச் சொம்பு 1,540 ரூபாய், பழைய எடைக்கு 840 ரூபாய். பழைய சொம்பின் நியாய விலை சாதாரணமாக இந்த இரண்டுக்கும் நடுவில்தான். உங்களுடையதில் பல் கோத்த கைவேலை இருக்கிறது, ஒடுக்கு அதிகமில்லை, பழைய எழுத்தில் பெயர் இருக்கிறது. இதெல்லாம் பிடித்தவர் புது விலைக்குமேல் இன்னொரு நானூறு கொடுக்கலாம். அப்படித்தான் இரண்டாயிரம் என்ற எண் வந்தது. இதுவே உண்மையான வெண்கலமாக இருந்தாலும், மேலே சொன்ன கணக்கில் 1.4 கிலோவின் உலோகம் 2,170 ரூபாய்தான். வேலையும் கடை லாபமும் சேர்த்தாலும் 6,500 வரை ஏற நியாயம் இல்லை. அவர் சொன்ன உலோகமே சரி என்று எடுத்துக்கொண்டாலும் விலை தப்பு.

பித்தளைச் சொம்பு என்றால் ஏமாந்துபோனதாக நினைக்க வேண்டாம். கலசம் வைக்கவும் தீர்த்தம் எடுக்கவும் பெரும்பாலான வீடுகளில் இருப்பது இதுதான், பூஜைக்கு இதில் ஒரு குறையும் இல்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால் அவரிடம் இன்னும் இரண்டு படம் மட்டும் கேளுங்கள். ஒன்று, வயிற்றில் ஒரு ரூபாய் அளவு இடத்தைப் புளி போட்டுத் தேய்த்து, வெள்ளைக் காகிதத்தின்மேல் வைத்து, பகல் நிழலில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தது. காகிதம் படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் உலோகத்தின் நிறத்தையும் நம்பலாம். எலுமிச்சை மஞ்சளை ஒட்டி வந்தால் பித்தளை. இன்னொன்று, விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்து எடுத்தது. நாணயத்தின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், அதை வைத்துச் சொம்பின் அளவையும் சுவரின் கனத்தையும் கணித்துவிடலாம். கூடவே, தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் காகிதத்தின்மேல் வைத்துக் காகிதம் நனைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பற்று விட்டுக் கசிவதுதான் இந்த வகைச் சொம்பின் பெரிய கோளாறு. கசிந்தால் எடை விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள், பல் இணைப்பை மறுபடி ஒழுங்காகப் பற்றவைக்கிற ஆள் இப்போது கிடைப்பது கஷ்டம். கசியவில்லை என்றால், உலோகத்தின் பெயரையும் வயதையும் பற்றி வாக்குவாதமே வேண்டாம். "பித்தளைச் சொம்பு, எடைக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று 1,500இல் ஆரம்பியுங்கள்.